ஸ்னீக்கர் போய் லோஃபர் வர: ஃபேஷன் படத்தில் காலணி மாற்றுவதற்கான முழு வழிகாட்டி

ஒரு படத்தை வைத்துக்கொண்டே போவோம். வெளிர் சாம்பல் நிறக் காகிதப் பின்னணியில் ஒரு மாடல் முழு உருவமாக நிற்கிறார். கணுக்கால் வரை வரும் ஆலிவ் நிற டிரவுசர், காலில் கணுக்காலை மூடிய வெள்ளை ஸ்னீக்கர். இடது பக்கத்திலிருந்து பெரிய சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சம் விழுகிறது. உடை விளம்பரத்துக்காக எடுத்த இந்தப் படத்தில் ஸ்னீக்கருக்குப் பதில் அடர்பழுப்புத் தோல் லோஃபர் வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். மாடலை மறுபடி அழைக்க முடியாது.

லோஃபரை வெட்டி ஒட்டுவது இதில் சின்ன வேலை. ஸ்னீக்கர் மறைத்திருந்த கணுக்கால் இந்தப் படத்தில் இல்லவே இல்லை, அதை உண்டாக்க வேண்டும். ஸ்னீக்கரின் தடித்த அடிப்பாகம் போய்விட்டால் மாடல் தரையைத் தொடும் இடமும் மாறும். வேலை வெளியே தெரிந்துவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். வாடிக்கையாளர் விற்கப்போவது காலணியை என்றால் அதன் வடிவத்தில் கை வைக்கக் கூடாது. கணுக்காலும் டிரவுசர் விளிம்பும் நிழலும்தான் லோஃபருக்கு ஏற்ப மாற வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில்: இந்த மாற்றம் சாத்தியமா?

இரண்டு காலணிகளின் அடிப்பாகத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நம் படத்தின் ஸ்னீக்கர் குதிகாலில் 3.5 செ.மீ., முன்பாதத்தில் 2.5 செ.மீ. தடிமன். லோஃபர் குதிகாலில் 2.5, முன்பாதத்தில் 1 செ.மீ. ஸ்னீக்கரில் குதிகால் முன்பாதத்தைவிட 1 செ.மீ. உயரமாக இருந்தது, லோஃபரில் 1.5 செ.மீ. உயரமாக இருக்கும். அரை செ.மீ. வித்தியாசத்தில் பாதத்தின் சாய்வு ஒன்றிரண்டு பாகைதான் மாறும். அது கண்ணுக்குத் தெரியாது.

அதே இடத்தில் 8 செ.மீ. ஹீல்ஸ் கேட்டிருந்தால் கதை வேறு. பாதம் இன்னும் இருபது பாகை அளவுக்குச் சாயும், கெண்டைக்கால் தசை இறுகி மேலேறும், முழங்காலும் இடுப்பும் நிற்கும் விதமே மாறும். தட்டைக் காலணி போட்டு நிற்கும் உடம்புக்கு ஹீல்ஸ் ஒட்டினால், காலணி எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கும். குதிகால் உயரம் இரண்டு செ.மீ.க்கு மேல் மாறுகிறது என்றால் மறுபடி படம் எடுக்கச் சொல்வதே நேர்மையான பதில்.

கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது

லோஃபரைப் படமெடுக்கும்போது கேமரா முன்பு நின்ற அதே உயரத்திலும் தூரத்திலும் நிற்க வேண்டும். இந்தக் கணக்கைப் படமே சொல்லிவிடும்.

கோப்பின் தகவலில் லென்ஸ் 85 மி.மீ. என்றும், கேமரா ஃபுல் ஃப்ரேம் என்றும் இருக்கிறது. படம் செங்குத்தாக 6000 பிக்சல். 172 செ.மீ. உயரமுள்ள மாடல் படத்தின் உயரத்தில் 80 சதவீதத்தை நிரப்புகிறார். அப்படியானால் மாடல் நிற்கும் இடத்தில் படம் அடக்கும் உயரம் 172 ÷ 0.8 = 215 செ.மீ. சென்சாரின் நீளப் பக்கம் 36 மி.மீ. என்பதால் தூரம் 215 × 85 ÷ 36, அதாவது ஏறக்குறைய 5.1 மீட்டர்.

உயரம் இன்னும் எளிது. கேமரா மேலோ கீழோ சாயாமல் நேராகப் பார்த்திருந்தால், படத்தின் நடுக்கோடு உடம்பில் எங்கே வெட்டுகிறதோ அதுதான் லென்ஸின் உயரம். இங்கே அது இடுப்பருகே, தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் வருகிறது. ஆக, பாதங்களைக் கேமரா சுமார் பத்து பாகை மேலிருந்து பார்த்திருக்கிறது. லோஃபரை மேசைமேல் வைத்து நேர் எதிரே எடுத்த பொருள் படம் இதற்கு ஏன் உதவாது என்பது இப்போது புரியும். அதில் காலணியின் வாய் தெரியாது, மேல்தோல் தட்டையாகத் தெரியும், அடிப்பாகம் தேவைக்கு மேல் தெரியும்.

இதே கணக்கிலிருந்து இன்னொரு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 6000 பிக்சலை 215ஆல் வகுத்தால் ஒரு செ.மீ.க்கு 28 பிக்சல். கடைசிப் படி வரை இது கூடவே வரும்.

லோஃபரை ஒரு காலில் மாட்டிப் படமெடுங்கள்

வெறும் காலணியைப் படமெடுத்து உள்ளே கணுக்காலைச் சொருகப் பார்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கால் இல்லாத லோஃபரில் வாய் சுருங்கியிருக்கும், மேல்தோலில் மடிப்பு இருக்காது, எடை ஏறாததால் அடிப்பாகம் விறைப்பாக நிற்கும். ஸ்டுடியோவில் இருக்கும் யாராவது ஒருவருக்கு மாட்டிவிடுங்கள். கால் அளவும் கணுக்கால் பருமனும் மாடலுக்கு நெருக்கமாக இருப்பவராகப் பாருங்கள். நிறம் வேறாக இருந்தால் பரவாயில்லை, அதைச் சரிசெய்துவிடலாம். பருமனைச் சரிசெய்வதுதான் கடினம்.

அவருடைய டிரவுசரை கெண்டைக்கால் பாதி வரை மடித்துவிடுங்கள். தேவைக்கு மேல் பத்துப் பதினைந்து செ.மீ. தோல் கிடைத்தால்தான் பிறகு விளிம்பை எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடியும். அதே சாம்பல் காகிதம், அதே பக்கத்து வெளிச்சம், அதே 85 மி.மீ., 5.1 மீட்டர், 95 செ.மீ. பெரிதாக வேண்டும் என்று கேமராவை முன்னால் கொண்டுபோகாதீர்கள். பார்வைக்கோணத்தைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் இடம். அதிகப் பிக்சல் வேண்டுமென்றால் அதே இடத்தில் நின்று 135 மி.மீ. லென்ஸைப் போட்டு, பாதங்கள் படத்துக்குள் வரும்படி கேமராவைக் கீழ்நோக்கிச் சாயுங்கள்.

கேமராவைக் கணினியோடு இணைத்து எடுப்பவர்களுக்கு Capture One-இல் Overlay என்ற வசதி உண்டு. பழைய படத்தை மெல்லிய நிழலாகத் திரையில் போட்டு, அதன்மேல் பாதத்தின் திருப்பத்தைப் பொருத்திக்கொள்ளலாம். எந்தக் காலில் மாடல் எடையைப் போட்டிருக்கிறார் என்பதையும் பார்த்து, நிற்பவரை அதே காலில் ஊன்றச் சொல்லுங்கள். எடை தாங்கும் காலில் லோஃபரின் பக்கங்கள் லேசாகப் பிதுங்கும், தளர்ந்த காலில் பிதுங்காது. சின்ன விஷயம்தான், ஆனால் இரண்டு காலணிகளும் ஒரே மாதிரி இருந்தால் மாடல் பொம்மை மாதிரித் தெரிவார்.

முடிந்ததும் காலை எடுத்துவிட்டு, வெறும் தரையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறப் பலகையை வைத்து இன்னொன்று.

பழைய காலணியைத் துடைப்பது

லோஃபர் ஸ்னீக்கரைவிடச் சிறியது. வெள்ளை ரப்பர் நாலா பக்கமும் எட்டிப் பார்க்கும் என்பதால், ஒட்டுவதற்கு முன்பே ஸ்னீக்கரையும் அதன் நிழலையும் முழுவதுமாக நீக்கிய ஒரு தரை லேயர் வேண்டும். வெறும் தரைப் படத்தைக் கொண்டுவந்து மாஸ்க் போட்டு, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை Photoshop-இன் Curves-இல் சரிசெய்தால் போதும். அது இல்லாதபோது `Edit > Content-Aware Fill` உதவும். அப்போது நிரப்பும் பகுதிக்கான மாதிரியை நிழலிலிருந்தும் காலிலிருந்தும் எடுக்காதபடி பச்சைப் பகுதியைக் கையால் குறைத்துவிடுங்கள்.

மூலப் படத்தின் பிரதி ஒன்றை அடியில் அப்படியே பூட்டி வையுங்கள். பழைய நிழல் எவ்வளவு இருட்டு, எந்தப் பக்கம் நீள்கிறது, எங்கே மங்குகிறது என்பதைப் பார்க்க அதற்குத் திரும்பத் திரும்பப் போவீர்கள்.

லோஃபரை இறக்கி வைப்பது

காலணிகள் இரண்டையும் தனித்தனி லேயராகக் கொண்டுவாருங்கள். 135 மி.மீ. லென்ஸில் எடுத்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதற்கு லோஃபரை ஒருமுறை ஸ்கேலால் அளந்து 28ஆல் பெருக்குங்கள். முழுப் பக்கவாட்டில் தெரியும் 27 செ.மீ. காலணி 756 பிக்சல் வரும். கேமராவை நோக்கித் திரும்பிய பாதத்தில் நீளம் சுருங்கித் தெரியும் என்பதால், அங்கே நீளத்தை விட்டுவிட்டு அகலத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பென் டூலால் வெட்டும்போது பாதையை விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே வையுங்கள். மாஸ்க்கை அரைப் பிக்சல் மென்மையாக்கினால் போதும். அதற்கு மேல் போனால் தோல் விளிம்பு பஞ்சாகிவிடும்.

எங்கே வைப்பது? மாடலின் கால் எலும்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஸ்னீக்கரின் குதிகாலுக்கும் லோஃபரின் குதிகாலுக்கும் 1 செ.மீ. வித்தியாசம் இருப்பதால், லோஃபரின் அடி பழைய அடியைவிட 28 பிக்சல் மேலே வந்து நிற்கும். முன்பாதத்தில் 1.5 செ.மீ. என்பதால் 42 பிக்சல். கோடில்லாத காகிதத் தரையில் இது பிரச்சினையே இல்லை, தொடுமிடத்தை மேலே கொண்டுபோய்விடலாம். டைல்ஸோ மரப்பலகையோ உள்ள தரையில் அப்படிச் செய்தால் மாடல் பின்னால் நகர்ந்து நிற்பதாகிவிடும். அங்கே மாடல் முழுவதையும் வெட்டி 28 பிக்சல் கீழே இறக்க வேண்டும், முடியிழைகள் உட்பட. அது வேறு அளவிலான வேலை, கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டு காலணிகளையும் ஒரே கிடைக்கோட்டில் வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. நம் மாடலின் வலது கால் 30 செ.மீ. முன்னால் இருக்கிறது. 95 செ.மீ. உயரத்திலிருந்து பார்க்கும் கேமராவில், முன்னால் உள்ள பாதத்தின் தொடுமிடம் பின்னால் உள்ளதைவிடச் சுமார் 6 செ.மீ., அதாவது 165 பிக்சல் கீழே விழ வேண்டும். அளவிலும் அது ஆறு சதவீதம் பெரிதாக இருக்கும். இதைக் கோட்டை விட்டால் ஒரு கால் மிதக்கும், இல்லையென்றால் தரைக்குள் புதையும்.

கணுக்கால்

இங்கேதான் நேரம் போகும், போகட்டும்.

மாடலுக்குப் பதிலாக லோஃபரை மாட்டி நின்றவரின் கணுக்கால் லோஃபரோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அதை மாடலின் கெண்டைக்காலோடு இணைப்பதுதான் வேலை. நல்ல வேளையாக இணைப்பு டிரவுசருக்குள் ஒளிந்துகொள்ளும். டிரவுசர் விளிம்பைத் தனியாக வெட்டி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், கணுக்கால் அதற்கு அடியில் நுழையட்டும். பிறகு காலின் அச்சைப் பாருங்கள். முழங்காலின் நடுவிலிருந்து டிரவுசர் மடிப்பு வழியாக இறங்கும் கோடு கணுக்காலின் நடுவில் வந்து சேர வேண்டும். விலகியிருந்தால் காலணியைத் தொடாமல், கணுக்காலை மட்டும் Warp-இல் மேல்பக்கமாக நகர்த்துங்கள். கீழ்ப்பக்கம் காலணியின் வாயோடு பூட்டியபடியே இருக்கட்டும்.

உடற்கூற்றில் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். உட்பக்கக் கணுக்கால் எலும்பு வெளிப்பக்க எலும்பைவிடச் சற்று மேலேயும் முன்னாலும் இருக்கும். வெளிப்பக்கம் இருப்பது கீழேயும் பின்னாலும். எலும்புகள் இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்திவிட்டால், ஏன் என்று தெரியாமலே பார்ப்பவருக்குக் கால் பொய்யாகத் தெரியும். காலை இடவலமாகப் புரட்டி இன்னொரு காலுக்குப் பயன்படுத்தினால் இந்த ஒழுங்கு தானாக வந்துவிடும், ஆனால் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழும். அதனால் புரட்டாதீர்கள். இரண்டாவது, குதிகாலுக்கு மேலே ஏறும் தடித்த நாண். அதன் இரு புறமும் மெல்லிய பள்ளம் உண்டு. தோலைச் சுத்தம் செய்கிற வேகத்தில் இந்தப் பள்ளத்தை அழித்துவிட்டால் கால் உருளைக் குழாய் ஆகிவிடும்.

நிறத்துக்கு மாடலின் முகத்தைப் பார்க்காதீர்கள், அதில் மேக்கப் இருக்கிறது. கையின் புறப்பக்கமும் மணிக்கட்டும் நம்பத்தக்கவை. அன்று வேறு உடையில் எடுத்த படத்தில் மாடலின் கால் தெரிந்தால் அதைவிட நல்லது. கணுக்கால் லேயரோடு இணைத்த ஒரு Curves போட்டு முதலில் வெளிச்சத்தையும், பிறகு சிவப்பு, நீலம் என்று ஒவ்வொரு சேனலாகவும் பொருத்துங்கள். கண் ஏமாற்றும் என்பதால் மேலே இரண்டு தற்காலிக லேயர்கள் வையுங்கள்: கறுப்பு-வெள்ளை ஆக்கும் ஒன்று, Saturation-ஐ நன்றாக ஏற்றும் இன்னொன்று. முதலாவதில் வெளிச்ச வித்தியாசமும் இரண்டாவதில் நிற வித்தியாசமும் பளிச்சென்று தெரியும். மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்களுக்குக் கணுக்கால் எலும்பின்மேல் தோல் இயல்பாகவே கொஞ்சம் அடர்ந்திருக்கும். அதை அழுக்கு என்று நினைத்து வெளுக்க வேண்டாம்.

காலணியின் வாய் தோலோடு ஒட்டியிருக்காது. இடையில் ஒரு மெல்லிய இருட்டு, முன்பக்கம் அகலமாகவும் குதிகாலில் இறுகியும் ஓடும். பழுப்புத் தோலின் நிறம் அருகிலுள்ள சருமத்தில் லேசாகப் பிரதிபலிக்கும். நின்றவரின் காலிலேயே எடுத்திருப்பதால் இந்த இரண்டும் நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கின்றன. நிறம் சரிசெய்யும் மாஸ்க்கில் இவற்றை விட்டுவிடாமல் பாதுகாத்தால் போதும்.

டிரவுசர் விளிம்பு

மூலப் படத்தில் விளிம்பு ஸ்னீக்கரின் கழுத்தில் உட்கார்ந்து மடங்கியிருந்தது. ஸ்னீக்கரை எடுத்த பிறகும் அந்த மடிப்பு அப்படியே இருந்தால், துணி காற்றில் எதன்மேலோ உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். Liquify-இல் மடிப்பை மெதுவாக நீட்டி விளிம்பைத் தொங்க விடுங்கள். மடிப்பின் நிழலையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வடிவம் நேராகியும் சுருக்கம் மிச்சமிருக்கும். அதே டிரவுசர் கையில் இருந்தால், நின்றவருக்குப் போட்டு எடுத்த விளிம்பை இரவல் வாங்குவது இன்னும் சுத்தம்.

கணுக்கால் ஸ்னீக்கரைவிட மெலிது என்பதால், விளிம்புக்கும் காலுக்கும் இடையே இரு புறமும் இடைவெளி வரும். அங்கே தெரிய வேண்டியது தரை, பழைய வெள்ளை ரப்பர் அல்ல. கேமரா மேலிருந்து பார்ப்பதால் விளிம்பின் உட்புறம் தெரியாது. தரைமட்டத்தில் எடுத்த படமாக இருந்தால் உட்துணியின் இருட்டையும் உண்டாக்க வேண்டியிருக்கும். கடைசியாக, விளிம்பு தோலின்மேல் போடும் நிழல். விளிம்புக்கு நேர் கீழே அடர்த்தியாகத் தொடங்கி, ஒரு செ.மீ.க்குள் கரைந்துபோகும் ஒரு Multiply லேயர். இது இல்லாமல் கணுக்கால் துணிக்குள் இருப்பதாகத் தெரியாது.

தரையைத் தொடுவது

அதே காகிதத்தில் எடுத்திருப்பதால் நிழலை வரையும் வேலை பெரும்பாலும் மிச்சமாகிவிடும். நின்றவரின் படத்தில் காலணியும் சுற்றியுள்ள தரையும் சேர்ந்த பகுதியைப் பிரதியெடுத்து, காலணி லேயருக்கு அடியில் வையுங்கள். Levels-இல் வெள்ளை ஐட்ராப்பரால் நிழல் இல்லாத காகிதத்தைத் தொட்டால் காகிதம் வெள்ளையாகும், நிழல் மட்டும் நிற்கும். இந்த லேயரை Multiply ஆக்கினால் வெள்ளை மறைந்து நிழல் நம் தரையில் விழும். ஓரங்களைப் பெரிய மென் பிரஷ்ஷால் கரைத்துவிடுங்கள். நின்றவரின் காலும் உடம்பும் போட்ட நீண்ட நிழல் மாடலின் நிழலோடு இரண்டாகத் தெரியலாம். அதை மாஸ்க்கில் நீக்கி, பாதத்தைச் சுற்றிய ஐந்தாறு செ.மீ. மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு தரையில் எடுத்த காலணியாக இருந்தால் நிழலைக் கையால்தான் போட வேண்டும். அப்போது ஒரே லேயரில் மங்கலாக ஒரு கறுப்பு அடிப்பது பலிக்காது. அடிப்பாகம் தரையை உண்மையில் தொடும் இடங்களில் கிட்டத்தட்டக் கோடு போன்ற இருட்டு, 2 பிக்சல் மங்கல். அதைச் சுற்றி 8 பிக்சல் மங்கலில் சற்று வெளிர்ந்த ஒன்று. அதற்கும் வெளியே, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நீளும்படி 30 பிக்சல் மங்கலில் மூன்றாவது. நிறத்தை மூலப் படத்தின் நிழலிலிருந்து எடுங்கள். சுத்தக் கறுப்பைப் போட்டால் தரையில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

முதல் கோடு எங்கெங்கே வர வேண்டும் என்பதற்கு லோஃபரைக் கையில் எடுத்து மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். குதிகால் கட்டை தரையைத் தொடும். அதற்கும் முன்பாதத்துக்கும் நடுவே வளைவு தூக்கி நிற்கும், அங்கே வெளிச்சம் லேசாக ஊடுருவும். முன்பாதம் தொடும், நுனி மறுபடி சில மி.மீ. மேலே எழும். ஆக இருட்டுக் கோடு இரண்டு துண்டாக இருக்க வேண்டும், நுனிக்கு வரும்போது மங்க வேண்டும். குதிகாலிலிருந்து நுனி வரை ஒரே கனத்தில் கோடு போட்ட படங்களில் காலணி தரையில் பசையிட்டு ஒட்டியது போல இருப்பதற்கு இதுதான் காரணம். எடை தாங்காத காலின் கோடு இன்னும் மெலிதாக இருக்கட்டும்.

பளபளக்கும் தரையாக இருந்தால் பிரதிபலிப்பும் வேண்டும். காலணியை அப்படியே தலைகீழாகப் புரட்டினால் குதிகாலும் நுனியும் ஒன்றாகப் பொருந்தாது, ஏனென்றால் அவை கேமராவிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன. புரட்டிய பிறகு Skew கொண்டு சாய்த்து, தொடுமிடங்கள் இரண்டிலும் அசலும் பிம்பமும் சந்திக்கும்படி செய்யுங்கள். கம்பளத்திலும் மணலிலும் காலணியின் அடி சற்றே புதையும். அங்கே அடிப்பாகத்தின் கடைசி சில பிக்சலை இழைகளோ மணலோ மறைக்கும்படி மாஸ்க்கைச் சொரசொரப்பான பிரஷ்ஷால் கடிக்க வேண்டும்.

கூர்மை, நொய்ஸ், சோதனை

135 மி.மீ. லென்ஸில் எடுத்துச் சிறிதாக்கிய காலணி, படத்தின் மற்ற பகுதியைவிடக் கூர்மையாக இருக்கும். டிரவுசரின் தையலை 100 சதவீதத்தில் பார்த்து, அதே அளவுக்குக் காலணியை அரைப் பிக்சலோ முக்கால் பிக்சலோ மங்கலாக்குங்கள். சிறிதாக்கும்போது நொய்ஸும் போய்விட்டிருக்கும். 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய ஒரு Overlay லேயரில் நொய்ஸ் சேர்த்து, காலணியும் கணுக்காலும் புதிய தரையும் உள்ள பகுதிக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள்.

பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் வைத்து, கோட்டை மேலும் கீழுமாக அலை போல் இழுங்கள். படம் கோரமான நிறங்களில் மாறும். துடைத்த தரையில் ஒட்டுப் போட்ட இடம், மாஸ்க்கின் ஓரம், இரண்டு நிழல்கள் சந்திக்கும் தழும்பு எல்லாம் அப்போது வெளியே வரும். சரிசெய்துவிட்டு அந்த லேயரை நீக்குங்கள். அடுத்துப் படத்தை 25 சதவீதத்துக்குச் சுருக்கி, இடவலமாகப் புரட்டிப் பாருங்கள். மாடல் மிதக்கிறார் என்று தோன்றினால் தொடும் கோட்டில் குறை. சாய்ந்து விழப்போகிறார் என்று தோன்றினால் இரண்டு பாதங்களின் உயர வித்தியாசத்தில் குறை. கால் பெரிதாகத் தெரிந்தால் மாடலின் முன்கையோடு ஒப்பிடுங்கள், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள நீளம் பாதத்தின் நீளத்துக்கு ஏறக்குறைய சமம்.

லோஃபரின் நிறத்தை நிறப் பலகை வைத்து எடுத்த படத்தோடு கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, நிழல் லேயர்களைத் தரையோடு சேர்க்காமல் தனிக் குழுவாகவே கோப்பில் விட்டு அனுப்புங்கள். பக்கம் வடிவமைப்பவர் பின்னணி நிறத்தை மாற்ற நேர்ந்தால், நிழலும் காலோடு சேர்ந்து போக வேண்டும்.